சூடான சட்டி மடியில் ஏறக் கூடாது: சக்கர நாற்காலியில் இருந்து சமைப்பவருக்கு ஒரு குசினி

கொழும்பு அடுக்குமாடி வீடுகளில் குசினி மேடை பெரும்பாலும் தரையில் இருந்து 86 செ.மீ. அளவு உயரத்தில் இருக்கும். அதன் மேல் நாம் வழக்கமாக வைக்கும் இரண்டு அடுப்புக் காஸ் குக்கரை வைத்தால், சட்டி இருக்கும் கம்பி ஏறத்தாழ 1 மீற்றருக்குப் போய்விடும். அதில் ஒரு கறிச்சட்டியை ஏற்றினால் சட்டியின் வாய் 110 செ.மீ.யைத் தொடும். சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவரின் கண் 115 முதல் 120 செ.மீ. உயரத்தில்தான் இருக்கிறது. அவருக்குத் தெரிவது சட்டியின் வெளிப்பக்கம். கறி வற்றுகிறதா, பால் பொங்குகிறதா என்று பார்க்க முகத்தை ஆவிக்குள் நீட்ட வேண்டும், தோளுக்கு மேல் கையைத் தூக்கிக் கிண்ட வேண்டும். இறக்கிய பிறகு சட்டியை எங்கே வைப்பது? கைக்கெட்டும் இடம் இல்லை என்றால் மடியில்தான்.

முதுகுத்தண்டில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வில்லாதவருக்கு இது பெரிய ஆபத்து. தொடையில் சூடு பட்டால் அவருக்குச் சுடாது, அதனால் கையும் தன்பாட்டில் சட்டியை விலக்காது. தோல் வெந்து கொப்புளம் வந்த பிறகு, பல வேளைகளில் உடை மாற்றும்போதுதான் தெரியவரும். அந்தப் புண் ஆற நாளெடுக்கும். அதுவரை அதில் அழுத்தம் படாமல் இருக்க வேண்டும் என்பதால் உட்காருவதே பாடு.

அதனால் வீட்டுத் திட்டம் கீறும்போது நான் ஒரே ஒரு விதியில் இருந்து தொடங்குவேன்: சூடான எதுவும் மடியில் ஏறக் கூடாது. மேடையின் உயரம், கை எட்டும் தூரம், அடுப்பின் இடம் எல்லாம் அந்த விதியில் இருந்தே வரும். வெள்ளவத்தையில் ஓர் அக்காவின் குசினியை எடுத்து, அளவெடுப்பதில் இருந்து முடிவு வரை எப்படிப் போனோம் என்று சொல்கிறேன். உங்கள் வீட்டுக்கு எண்கள் மாறும், வேலையின் ஒழுங்கு மாறாது.

முதலில் ஆளை அளக்க வேண்டும், குசினியை அல்ல

மேசன் பாஸ் வந்ததும் சுவரில் இருந்துதான் டேப்பைப் பிடிப்பார். அதற்கு முன்னரே நாற்காலியில் இருக்கும் ஆளை அளந்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். அவர் நாளாந்தம் பாவிக்கும் நாற்காலி, அதே மெத்தை, வீட்டில் போடும் செருப்பு, எல்லாம் வழமைபோல இருக்க வேண்டும். ஆஸ்பத்திரி நாற்காலியில் வைத்து அளந்தால் அந்த அளவு உதவாது. மெத்தை ஒன்றே 5 செ.மீ. வித்தியாசம் காட்டும்.

எல்லாவற்றையும் தரையில் இருந்து அளக்க வேண்டும். அக்காவுக்கு வந்த அளவுகள் இவை. தொடையின் மிக உயர்ந்த இடம் 64 செ.மீ. தோளைத் தளர விட்டு முழங்கையை மடக்கினால் முழங்கை 72. கண் 118. நாற்காலிக் கைப்பிடியின் மேல்பக்கம் 71. நாற்காலியின் வெளி அகலம் 62, கால்தட்டு முனை வரை நீளம் 105.

இவற்றில் உயிரான எண்கள் தொடையும் முழங்கையும். தொடை, மேடையின் அடிப்பக்கம் எவ்வளவு கீழே வரலாம் என்று சொல்கிறது. முழங்கை, மேடையின் மேல்பக்கம் எவ்வளவு உயரப் போகலாம் என்று சொல்கிறது. அக்காவுக்கு இரண்டுக்கும் இடையில் 8 செ.மீ.தான் இருந்தது. அதற்குள் மேடையின் தடிப்பும் அடங்க வேண்டும், தொடைக்கு மேலே கொஞ்சம் வெளியும் வேண்டும்.

மேடையின் உயரத்தை விடத் தடிப்பே சிக்கல்

அங்கே இருந்தது பழைய கொங்கிரீற் மேடை. சிலாப், சாந்து, டைல்ஸ் எல்லாம் சேர்ந்து 10 செ.மீ. தடிப்பு. பாஸ் பார்த்துவிட்டு, "நாலு இஞ்சி இறக்கிக் கட்டித் தாறன் அக்கா, காணும் தானே?" என்றார். காணாது. தொடை 64, அதற்கு மேலே 4 செ.மீ. வெளி விட்டால் மேடையின் அடிப்பக்கம் 68-ல் தொடங்கும். அதன் மேல் 10 செ.மீ. தடிப்பு வைத்தால் மேல்பக்கம் 78 ஆகிவிடும். முழங்கை 72-ல் இருக்க மேடை 78-ல் இருந்தால், வெங்காயம் வெட்டும் ஒவ்வொரு தடவையும் தோள் மேலே ஏறும். நாற்காலியை நாள் முழுக்கத் தள்ளுகிற தோள் அது, அதைக் குசினியிலும் வருத்தக் கூடாது.

அதனால் சிலாப்பை உடைத்துவிட்டு, 25 மி.மீ. பொக்ஸ் பாரில் சட்டம் ஒட்டி அதன் மேல் 20 மி.மீ. கருங்கல் பலகை போட்டோம். மொத்தத் தடிப்பு 4.5 செ.மீ. அடிப்பக்கம் 68, மேல்பக்கம் ஏறத்தாழ 73. முழங்கைக்கு ஒரு செ.மீ. மேலே, வெட்டவும் பிசையவும் சரியான உயரம். அமெரிக்க அணுகல் தரநிலையில் வேலை மேடைக்குச் சொல்லப்படும் உயரம் 71 முதல் 86 செ.மீ. வரை, முழங்கால் வெளி 68.5 செ.மீ. நமது பெண்கள் பலருக்கு அந்த எல்லையின் கீழ்ப்பக்கம்தான் பொருந்தும். இலங்கையில் 2006-ல் வந்த அணுகல் ஒழுங்குவிதிகள் பொதுக் கட்டடங்களுக்கானவை. உங்கள் வீட்டுக் குசினிக்கு அளவு சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

மேடைக்குக் கீழே கதவு, அலுமாரி எதுவும் வைக்காமல் 80 செ.மீ. அகலத்துக்குத் திறந்துவிட வேண்டும். முழங்கால் 30 செ.மீ. உள்ளே போக வேண்டும், கீழே கால்தட்டு இன்னும் ஆழமாக 45 செ.மீ. வரை போக வேண்டும். நாற்காலியின் கைப்பிடியையும் பாருங்கள். அக்காவின் கைப்பிடி 71-ல் இருந்தது, மேடையின் அடி 68. நாற்காலி உள்ளே போகாமல் கைப்பிடி முட்டி நின்றுவிடும். மேடையை உயர்த்தப் பார்க்காமல், கைப்பிடியை முன்பக்கம் குட்டையான வகைக்கு மாற்றினோம். மேலே மடக்கும் கைப்பிடியும் நல்லது.

இன்னொரு சிறு வேலை இருக்கிறது, பாஸ்மார் இதைத் தாங்களாகச் செய்ய மாட்டார்கள். மேடைக்குக் கீழே காலை விட்டு இருப்பவரின் மடி, மேடையின் முன்விளிம்புக்கு நேர் கீழே இருக்கிறது. சுடுதண்ணீர் சிந்தினால் அது விளிம்பால் வழிந்து நேரே தொடையில் விழும். அதனால் முன்விளிம்பில் 5 மி.மீ. உயரத்துக்கு ஒரு சின்ன வரம்பு ஒட்டச் சொல்லுங்கள், கல்லைச் சுவர்ப் பக்கம் ஒரு துளி சரித்துப் போடச் சொல்லுங்கள். கருங்கல்லிலேயே மெல்லிய கீற்று வெட்டி ஒட்டலாம். கையால் தடவிப் பார்த்தால் தெரியும் அளவு போதும். அதற்கு மேல் போனால் மாவு துடைக்க முடியாது.

அடுப்பை மேடை மேல் வைக்காமல், மேடை மட்டத்துக்கு இறக்குங்கள்

மேடை 73-க்கு இறங்கிவிட்டதால் அடுப்புப் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்கலாம். காஸ் குக்கரின் உயரம் 12 செ.மீ. அதை 73-ல் வைத்தால் சட்டி 85-ல் இருக்கும். முழங்கையை விட 13 செ.மீ. மேலே. கொதிக்கும் சட்டியை அந்த உயரத்தில் இருந்து கீழே இறக்க வேண்டும், அதுவும் உட்கார்ந்துகொண்டு. சட்டி சரிவது இப்படியான நேரத்தில்தான்.

அடுப்பு இருக்கும் பகுதியை மட்டும் இன்னும் 12 செ.மீ. தாழ்த்தி, 61-ல் ஒரு தட்டு போட்டோம். இப்போது சட்டி இருக்கும் கம்பியும் பக்கத்து மேடையும் ஒரே 73-ல் நிற்கின்றன. தட்டின் முன்பக்கம் திறந்தபடி இருக்க வேண்டும், அப்போதுதான் குக்கரின் திருகிகள் கைக்கு எட்டும். குக்கரின் இரண்டு பக்கமும் 5 செ.மீ. விட்டால் காற்று போகும், துடைக்கவும் துணி நுழையும்.

அடுப்புக்குக் கீழே முழங்காலுக்கு இடம் விட வேண்டாம். 61-ல் எப்படியும் தொடை நுழையாது, நுழைந்தாலும் நான் விட மாட்டேன். கொதிக்கும் எண்ணெய்க்கு நேர் கீழே உணர்வில்லாத கால் இருக்கக் கூடாது. அடுப்புக்கு முன்னால் அல்ல, அடுப்புக்குப் பக்கத்தில்தான் அவர் இருக்க வேண்டும். அக்கா வெட்டும் இடத்தில், மேடைக்குள் காலை விட்டு இருக்கிறார். அடுப்பு அவருடைய வலது கைப்பக்கம். உடம்பைக் கொஞ்சம் திருப்பினால் கிட்டத்து அடுப்பு, இன்னும் கொஞ்சம் நீட்டினால் அடுத்தது. தூரத்து அடுப்பில் சோறு, கிட்டத்தில் கிண்ட வேண்டிய கறி என்று பழக்கிக்கொண்டார். கிட்டத்து அடுப்பைத் தாண்டிக் கை நீட்டும்போது அதை அணைத்துவிட வேண்டும், இது தளராத விதி. நைற்றியின் தொளதொளத்த கை முதலில் பிடிப்பது அங்கேதான்.

முன்னும் பின்னுமாக நாலு அடுப்பு உள்ள குக்கர் வேண்டாம். பின் அடுப்புக்குப் போகும் கை எப்போதும் முன் அடுப்பின் மேலாகத்தான் போகும். நமது சாதாரண இரண்டு அடுப்புக் குக்கரில் அடுப்புகள் பக்கம் பக்கமாக, திருகிகள் முன்பக்கம். அதுவே நல்லது. தீ அணைந்தால் காஸை நிறுத்தும் பாதுகாப்புள்ள வகை கிடைத்தால் அதை வாங்குங்கள்.

அடுப்புக்கு இடது பக்கம் வெட்டும் மேடை, வலது பக்கம் இறக்கி வைக்க 44 செ.மீ. அகல மேடை. இரண்டும் 73. ஆனால் காஸ் குக்கரில் சட்டியை அப்படியே இழுத்துவிட முடியாது. கம்பிக்கும் மேடைக்கும் நடுவில் குக்கரின் தகரம் பள்ளமாக இருக்கிறது. இரண்டு மூன்று செ.மீ. தூக்கிப் பக்கத்தில் வைக்கத்தான் வேண்டும். இண்டக்‌ஷன் அடுப்பில் தட்டையான கண்ணாடி மேடை மட்டத்தில் இருந்தால், தூக்கவே வேண்டாம், மெல்ல நகர்த்தி மேடைக்குக் கொண்டுவரலாம். உடம்பைச் சமநிலையில் வைக்க ஒரு கை மேடையைப் பிடிக்க வேண்டியவர்களுக்கு இந்த வித்தியாசம் பெரியது. அவர்களுக்கு இரண்டு காதுச் சட்டியும் ஆகாது, ஒரு நீள்பிடி உள்ள தாச்சிதான் வேண்டும்.

என் எண்ணம், பணம் இருந்தால் இண்டக்‌ஷன்தான். நெருப்பு இல்லை, சட்டியை எடுத்தால் தானாக நிற்கும். ஆனால் மண்சட்டியும் அலுமினியச் சட்டியும் அதில் வேலை செய்யாது. காந்தம் ஒட்டும் அடி வேண்டும். சட்டி இருந்த இடத்தில் கண்ணாடி கொஞ்ச நேரம் சூடாகத்தான் இருக்கும். 2022-ல் நாளுக்கு 13 மணித்தியாலம் கறன்ட் இல்லாமல் இருந்ததையும், அதே ஆண்டு காஸுக்கு வரிசையில் நின்றதையும் யாரும் மறக்கவில்லை. ஒன்றை மட்டும் நம்பிக் குசினி கட்ட மனம் வராது. தாழ்த்திய தட்டு இதற்கும் வசதி. காஸ் குக்கரை எடுத்துவிட்டு, அடியில் 5 அல்லது 6 செ.மீ. உயரத்துக்குச் சிமெந்துப் பலகை வைத்து அதன் மேல் இண்டக்‌ஷனை வைத்தால் மட்டம் திரும்பவும் 73. அதன் விசிறிக்குக் காற்று வர நாலு பக்கமும் வெளி விடுங்கள்.

காஸை எங்கே இருந்து மூடுவது

பலரின் வீட்டில் சிலிண்டர் அடுப்புக்கு நேர் கீழே, பான்ட்ரி அலுமாரிக்குள் கதவு மூடியபடி இருக்கிறது. சமையல் காஸ் காற்றை விடப் பாரமானது. கசிந்தால் மேலே போகாது, அலுமாரியின் அடியில் தேங்கும். அது எல்லா வீட்டுக்கும் ஆபத்து. குனிந்து கையை உள்ளே விட்டு மூட முடியாதவருக்கு இரட்டை ஆபத்து.

அக்காவின் வீட்டில் குசினியை அடுத்துப் பின் பல்கனி இருந்தது. 12.5 கிலோ சிலிண்டரை அங்கே வைத்து, சுவரைத் துளைத்துச் செப்புக் குழாயால் உள்ளே கொண்டுவந்தோம். றப்பர் குழாயைச் சுவருக்குள்ளால் விடக் கூடாது. உள்ளே தேய்ந்தாலும் வெடித்தாலும் கண்ணுக்குத் தெரியாது. இந்த வேலையைக் காஸ் பொருத்தும் ஆள்தான் செய்ய வேண்டும், முடிந்ததும் ஒவ்வொரு மூட்டிலும் சவர்க்கார நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று உங்கள் கண் முன்னால் காட்ட வேண்டும்.

காஸை மூடும் வால்வு எங்கே என்பதே முக்கியம். வெட்டும் இடத்துக்கும் அடுப்புக்கும் நடுவில், மேடையின் முன்முகத்தில் வைத்தோம். அக்கா இருக்கும் இடத்தில் இருந்து, தீயைத் தாண்டாமல், எழும்பாமல், பார்க்காமலே கை போகும் இடம். அடுப்புக்குப் பின்சுவரில் வால்வு வைப்பது பல வீடுகளில் காண்பது. சட்டியில் தீப்பிடித்த நேரத்தில் அந்த வால்வால் பயன் இல்லை.

அடுப்பு, இருப்பவருக்கும் வாசலுக்கும் நடுவில் வரக் கூடாது. அக்காவின் குசினிக்கு வாசல் இடது முனையில், அடுப்பு வலது முனைக்குக் கிட்ட. ஏதும் நடந்தால் பின்னால் உருண்டு நேரே வெளியே போகலாம். எண்ணெயில் தீப்பிடித்தால் மூட, தாச்சியை விடப் பெரிய மூடி ஒன்று எப்போதும் வெட்டும் மேடையில் சாய்த்தபடி நிற்கிறது. தண்ணீர் ஊற்றக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் மூடி மேல் தட்டில் இருந்தால், கைக்கு வருவது பக்கத்தில் உள்ள தண்ணீர்தான்.

சிங்க் மட்டும் மட்டம் மாறும்

எல்லாம் ஒரே மட்டத்தில் இருந்தால் நல்லது என்று சொல்லிவிட்டு, சிங்கை மட்டும் உயர்த்தினோம். காரணம் எளிது. 73 செ.மீ. மேடையில் சாதாரண 18 அல்லது 20 செ.மீ. ஆழச் சிங்கைப் போட்டால் அதன் அடி 55-க்கோ அதற்கும் கீழேயோ வரும், தொடை 64. காலை உள்ளே விட முடியாமல் பக்கவாட்டில் திரும்பி இருந்து கழுவ வேண்டிவரும். பாத்திரம் கழுவுவது நீண்ட வேலை, அவ்வளவு நேரம் இடுப்பு முறுகினால் முதுகு தாங்காது.

அதனால் 12 செ.மீ. ஆழம் மட்டும் உள்ள சிங்கை 80 செ.மீ. உயரத்தில் வைத்தோம். அதன் அடி 68, தொடைக்கு இடம் இருக்கிறது. விளிம்பு உயரம் என்றாலும் கை வேலை செய்வது சிங்கின் அடியில், அதனால் தோள் ஏறாது. தண்ணீர் போகும் துளை பின்பக்கம் உள்ளதாகப் பார்த்து வாங்கினால் கழிவுக் குழாய் முழங்காலில் முட்டாது. சுடுதண்ணீர் வரும் வீடாக இருந்தால் அந்தக் குழாயை நுரை உறையால் சுற்றுங்கள். பைப்பைச் சிங்கின் பின்னால் வைக்காமல் பக்கத்தில் வையுங்கள், திருகும் வகைக்குப் பதில் நெம்பும் பிடி உள்ள வகை.

அடுப்பில் இருந்து சிங்குக்கு 7 செ.மீ. படி இருப்பதால், கஞ்சி வடிப்பது இங்கே சரிவராது. பானை நிறையக் கொதிநீரைத் தூக்கிச் சரிக்கும் வேலை, எந்த உயரத்திலும் இருந்தபடி செய்வதற்கு உரியதல்ல. சோற்றுக்கு றைஸ் குக்கர். தண்ணீர் நிரப்பவும் பானையைச் சிங்குக்குக் கொண்டுபோக வேண்டாம், பானையை முதலில் அடுப்பில் வைத்துவிட்டுச் சாடியால் ஊற்றலாம்.

கை எட்டும் இடம்

மேடை 60 செ.மீ. ஆழம் என்றாலும், இருந்தபடி சிரமமில்லாமல் எட்டுவது முன் 40 செ.மீ. மட்டும். முன்னால் சாய்ந்தால் 50. உடம்பின் நடுப்பகுதி உறுதியில்லாதவர் சாய்ந்தால் மீண்டு நிமிர முடியாமலும் போகலாம், அவரைச் சாய வைத்துப் பார்த்தே அளவெடுங்கள். பின் 20 செ.மீ.யில் நாளாந்தம் வேண்டாதவை போகட்டும்.

மேடைக்கு மேலே 110 செ.மீ.க்கு மேல் எதுவும் வேண்டாம். சுவரில் 140-ல் தொங்கும் அலுமாரி அவருக்கு இல்லாத அலுமாரி. அதைக் கழற்றி, 100 முதல் 110-க்குள் 12 செ.மீ. ஆழமான ஒரே தட்டு வையுங்கள், மிளகாய்த்தூள், உப்பு, கடுகு போத்தல்கள் ஒற்றை வரிசையில் நிற்கும். அடுப்புக்கு மேலே மட்டும் தட்டு வரக் கூடாது. கீழே 40 செ.மீ.க்குத் தாழ்வாக எதுவும் வேண்டாம். கனமான அரிசியும் பருப்பும் முழுதாக வெளியே வரும் லாச்சியில் 45 முதல் 60-க்குள் இருக்கட்டும். கதவு உள்ள அலுமாரி என்றால் நாற்காலியைப் பின்னால் எடுத்துக் கதவைத் திறந்து திரும்ப முன்னால் வர வேண்டும், அது களைப்பு. லாச்சிகளின் அடியில் கால்தட்டு நுழைய 23 செ.மீ. உயரத்துக்கு இடம் விடுங்கள். பிளக் பின்சுவரில் வேண்டாம், மேடையின் முன்முகத்தில் தண்ணீருக்குத் தள்ளி.

தரையில் கோடு போட்டுப் பார்த்தது

அந்தக் குசினி 274 செ.மீ. நீளம், 213 அகலம். நீளச் சுவரோடு ஒரே வரிசை: இடது முனையில் சிங்க் 80, வெட்டும் மேடை 80, அடுப்பு 70, இறக்கும் மேடை 44. எதிர்ப்பக்கம் எதுவும் இல்லை. பிறிட்ஜ் ஹோலுக்குப் போனது. மேடை 60 போக 153 செ.மீ. தரை மிஞ்சியது, நாற்காலி ஒரு முழுச் சுற்றுத் திரும்ப 150 வேண்டும். இதைவிட ஒடுங்கிய குசினியில் முழுச் சுற்றுக்கு இடம் வராது. அப்போது மேடைக்குக் கீழே திறந்த இடத்துக்குள் காலை விட்டுத் திரும்பலாம், இல்லாவிட்டால் நேராகப் பின்னால் உருண்டு வெளியேறும்படி வாசலை அகலப்படுத்துங்கள். வாசல் நிலையின் உள் அகலம் 80 செ.மீ. வேண்டும். கதவைக் கழற்றினாலே பல வீடுகளில் 4 செ.மீ. கிடைக்கும்.

இரும்பு ஒட்டுவதற்கு முன்னால் புளொக் கல்லை அடுக்கி அதன் மேல் பிளைவுட் பலகை வைத்து, 73-க்கும் 80-க்கும் சிறு பலகைத் துண்டுகளால் மட்டம் பிடித்தோம். அக்கா பச்சைத் தண்ணீர் நிறைந்த சட்டியை அடுப்புத் தட்டில் இருந்து மேடைக்கு மாற்றினார், வெங்காயம் வெட்டினார், கிண்டினார். எங்கே தோள் மேலே போகிறது, எங்கே முழங்கால் முட்டுகிறது, எங்கே தண்ணீர் தளம்புகிறது என்பதை மட்டும் பார்த்தோம். முதலில் இறக்கும் மேடைக்கு 30 செ.மீ.தான் கொடுத்திருந்தோம். சட்டியை வைக்கும்போது முழங்கை சுவரில் இடித்தது. 44 ஆனது அதனால்தான். இந்தச் சோதனையைப் பச்சைத் தண்ணீரோடு செய்யாமல் கல் வெட்டக் கொடுக்காதீர்கள்.

சட்டத்தின் கால்களுக்குத் திருகி உயர்த்தும் பாதம் போடச் சொன்னேன், மேலும் கீழும் 5 செ.மீ. வரை போகும். மெத்தை மாறினால், நாற்காலி மாறினால் தொடையின் அளவும் மாறும், அப்போது அந்தப் புதிய அளவுக்கு மேடையைத் திருகினால் போதும். ஆனால் மேடையை எவ்வளவு மாற்றுகிறீர்களோ, அடுப்புத் தட்டையும் அதே அளவு மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் சட்டிக்கு மறுபடி ஒரு படி வந்துவிடும். செப்புக் குழாயின் கடைசி மூட்டையும் அன்றைக்கே சவர்க்கார நுரை தடவிப் பார்க்க வேண்டும்.